அக்கா மகனின் வண்டிக் கணக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா மகனுக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. அப்போது அவன் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, கம்பத்தில் எங்கள் தெருவிலிருந்து பொடிநடையாகப் போகக்கூடிய மொத்த மளிகைக் கடையில் பில் போடும் வேலை. மாதம் 11,000, ரெண்டு வேளை டீ. இன்னொன்று, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளியில் கிளை வைத்திருக்கும் ஒரு குழுக்கடன் நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீசர். மொத்தச் சம்பளம் 18,000, பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு, பெட்ரோல் படி தனி. விளம்பரத்தின் கடைசி வரியில் ‘சொந்த இருசக்கர வாகனம், லைசென்ஸ், ஆண்ட்ராய்டு போன் அவசியம்’ என்று இருந்தது. அதை நானும் படித்தேன். வயசுப் பையன் எப்படியும் வண்டி வாங்கத்தானே போகிறான் என்று நினைத்துக்கொண்டு, “இதுல யோசிக்க என்னடா இருக்கு? குமுளிக்குப் போ” என்றேன்.

நான் கணக்கு எழுதுகிறவன் என்பதுதான் இதில் கூடுதல் வெட்கம். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். செலவு எங்கே ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுப் பையன் விஷயத்தில் அந்தக் கண்ணை மூடிவிட்டேன்.

அவன் வேலை இதுதான். காலை ஐந்தரைக்குக் கம்பத்தில் கிளம்பி, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளி வழியாக அணக்கரை, புற்றடி, வண்டன்மேடு பக்கம் போக வேண்டும். அங்கெல்லாம் ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நம் தமிழ் ஆட்கள்தான் அதிகம். பெண்கள் தோட்டத்துக்குக் கிளம்பும் முன் குழுக் கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பதால் ஏழு மணிக்கே முதல் சென்டர். ஒரு காலையில் நாலு சென்டர், அப்புறம் கிளையில் பணம் கட்டல், மத்தியானம் புது உறுப்பினர் வீட்டு விசாரணை, வராத தவணைக்கு அலைச்சல். வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். மொழிக்காகவே கம்பம், தேனிப் பையன்களை அந்தப் பக்கம் வேலைக்கு எடுக்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த 2023 ஜூனில் வண்டியும் வாங்கினான். 125 சிசி, எல்லாம் சேர்த்து 98,000. அக்கா தன் சங்கிலியை அடகு வைத்து 20,000 கொடுத்தாள். மீதி 78,000-க்கு மூன்று வருடக் கடன். மாதத் தவணை 2,817.

மெக்கானிக் கடையில்

முதல் வருடம் நன்றாகத்தான் போனது, அல்லது போனதுபோல் இருந்தது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் 16,400 வரும். கூடவே பெட்ரோல் படி நாலாயிரத்துச் சொச்சம் அதே வங்கிக் கணக்கில் விழும். போனில் வரும் செய்தியில் இருபதாயிரத்து ஐந்நூறு என்று பார்த்தால் யாருக்கும் மனசு நிறையும். அக்கா ஊரெல்லாம் ‘எம்மவன் இருவது வாங்குறான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உறுத்தியது ஒன்றுதான். இருபது வாங்குகிற பையன் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் ஆயிரம், ரெண்டாயிரம் கைமாற்று கேட்பான். குடி கிடையாது, ஊர்சுற்றலும் இல்லை. ‘சம்பளம் வந்ததும் தந்துடுறேன் மாமா’ என்பான், சொன்னபடி தரவும் செய்வான். அப்புறம் மறுபடி கேட்பான். நானும் பையனுக்குக் காசு பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2025 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின் டயர் மாற்றப் பணம் போதவில்லை என்று போன் செய்தான். நேரிலேயே போனேன். எங்கள் ஊர் மெக்கானிக் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய டயர் நடுவில் வழவழவென்று தேய்ந்து, பட்டன் எது பள்ளம் எது என்றே தெரியாமல் இருந்தது. டிரம்மைத் திறந்து பிரேக் ஷூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். லைனிங் காகிதம்போல இருந்தது.

“இது பிப்ரவரியில போட்டது அண்ணே. லோயர் கேம்ப் இறக்கத்துல தினமும் இறங்குறான்ல, நாலு மாசந்தான் தாங்கும்.”

வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தேன். 54,000-ஐத் தாண்டியிருந்தது. என்னுடைய வண்டி ஒன்பது வருடத்தில் 40,000 ஓடவில்லை. மெக்கானிக் டயரை ஏற்றிக்கொண்டே சொன்னார்: “லோன் முடியறப்ப எண்பதாயிரம் ஓடியிருக்கும். இஞ்சினும் கை வைக்கிற நிலைமைக்கு வந்துடும். அப்ப முப்பதுக்கு மேல எவனும் கேட்க மாட்டான்.”

என் முதலாளிக்கு ஒரு ஜீப் உண்டு. வண்டன்மேட்டுத் தோட்டங்களுக்கும் புற்றடி ஏலக் கூடத்துக்கும் போய்வரும். அதன் டீசல், டயர், டிரைவர் பேட்டா, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நான்தான் வியாபாரச் செலவில் எழுதுகிறேன். அதோடு ஒவ்வொரு மார்ச்சிலும் ஜீப்பின் மிச்ச மதிப்பில் 15 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழிக்கிறேன். வருமான வரிச் சட்டமே அனுமதிக்கிற விகிதம் அது. அதே மலைப்பாதையில் அதே தோட்டங்களுக்குப் போகிற இந்தப் பையனின் வண்டி தேய்வதை எழுத எங்கும் ஏடு இல்லை. கம்பெனி ஏட்டில் வண்டியே கிடையாது, பையனுக்கோ ஏடே கிடையாது. இந்த நிறுவனம் ஓர் ஆளைச் சம்பளத்துக்கு எடுத்து, கூடவே 98,000 ரூபாய் பெறும் ஒரு வண்டியையும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் இது எனக்கு உறைத்தது.

கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்

அன்றைக்குச் சாயங்காலம் அவனை உட்கார வைத்தேன். பெட்ரோல் பில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது, மற்றதற்குப் பில்லே இல்லை. அது எனக்கு அவ்வளவாகத் தேவைப்படவுமில்லை. இந்த மாதிரிக் கணக்கில் முதலில் வேண்டியது மீட்டர். 24 மாதத்தில் 54,000 கிலோமீட்டர் என்றால் மாதம் 2,250. மாதம் 25 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 90. ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம் என்று ஓட்டியது இதில் கொஞ்சம் கலந்திருக்கும், ஆனால் சொற்பம்தான்.

கம்பெனி எவ்வளவுக்குக் கொடுக்கிறது? அவர்கள் ஆப், முதல் சென்டரில் அவன் வருகை பதிவதிலிருந்து கடைசி இடம் வரை மட்டும் தூரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பத்திலிருந்து முதல் சென்டருக்குப் போவதும், இரவு வீடு திரும்புவதும் கணக்கில் வராது. நடுவில் சிக்னல் இல்லாத தோட்டத்தில் பதிவு விழாவிட்டால் அந்தத் துண்டும் போச்சு. ஆக, ஓடுவது 90, ஆப் காட்டுவது சராசரியாக 55. மாதத்துக்கு 1,375 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வீதம் 4,125 ரூபாய்.

‘வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருவது அவன் பாடுதானே’ என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். மாற்றாக இருந்தது நடந்து போகிற கடை வேலை என்பதால், இந்த வேலைக்காக மட்டும் வந்த செலவு எதுவானாலும் இந்த வேலையின் தலையில்தான் எழுத வேண்டும். இரண்டு வேலையை ஒப்பிட வேறு வழி இல்லை.

பெட்ரோலில் தொடங்கினோம். மலையேற்றத்தில் லிட்டருக்கு 45 கிடைக்கிறது, சமவெளியில் என்றால் 55 தாண்டும். மாதம் 50 லிட்டர். கேரளாவை விட நம் பக்கம் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு என்பதால் அவன் எப்போதும் கூடலூரிலேயே ரொப்பிக்கொள்வான். 102 ரூபாய் வீதம் 5,100. படியாக வந்த 4,125 இங்கேயே தீர்ந்து, இன்னும் 975 கையிலிருந்து போகிறது. ஆனால் இது அவனுக்கு முன்பே தெரியும். பெட்ரோல் தினமும் கண்ணில் படுகிற செலவு, அதனால் அதில் யாரும் ஏமாறுவதில்லை.

தெரியாமல் போவது மற்றவை. 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்றால் வருடத்துக்கு ஒன்பது தடவை. சாதாரணமாக ஓட்டுகிறவனுக்கு இது ரெண்டு தடவைதான். பிரேக் ஷூ வருடத்துக்கு மூன்று செட். செயின் ஸ்ப்ராக்கெட் செட் 18,000-க்கு ஒருமுறை, பின் டயரும் கிட்டத்தட்ட அதே தூரம். முன் டயர் கொஞ்சம் கூடத் தாங்கும். கேபிள், பிளக், பஞ்சர், சர்வீஸ் கூலி. மெக்கானிக்கிடம் விலை கேட்டுக் கூட்டியதில் வருடத்துக்கு 16,000-க்குக் கொஞ்சம் மேலே வந்தது. கிலோமீட்டருக்கு 60 பைசா, மாதத்துக்கு 1,360 ரூபாய். மாதாமாதம் இது 1,360 என்று வந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். வருவது அப்படி இல்லை. மூன்று மாதம் நானூறு, ஐந்நூறில் ஓடிவிட்டு, நாலாவது மாதம் டயரோ செயினோ மற்றதோடு சேர்ந்து நாலாயிரமாக வந்து நிற்கும். அந்த மாதம்தான் மாமாவுக்குப் போன் வரும். ஒரு வருடமாகப் பையனுக்குக் காசு பிடிக்கத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அது வேறொன்றும் இல்லை, பின் டயர்தான்.

அடுத்து தேய்மானம். 98,000 கொடுத்து வாங்கியது மூன்று வருடம் கழித்து 30,000-க்குப் போகும் என்றால், 68,000 ரூபாய் மலைப்பாதையில் கரைந்திருக்கிறது. மாதத்துக்கு 1,890. கடன் வட்டி மாதம் 650. கடன் கொடுத்தவர்கள் ‘பத்து சதவீதம்’ என்று சொல்லிக் கொடுத்தது, முழுத் தொகைக்கும் மூன்று வருடத்துக்கும் போட்ட வட்டி. கட்டக் கட்டக் குறைகிற வகை இல்லை.

எல்லாம் கூட்டினால் மாதம் 9,000. கிலோமீட்டருக்கு மிகச் சரியாக 4 ரூபாய். 4,125-ஐக் கழித்தால் வண்டி மட்டும் மாதம் 4,875 ரூபாயை அவன் சம்பளத்திலிருந்து தின்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மத்திய அரசு ஊழியர்களின் பயணப்படி விதியில், மாநில அரசு கட்டணம் நிர்ணயிக்காத இடங்களில் சொந்த ஸ்கூட்டரில் அரசு வேலையாகப் போனால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2017-ல் வைத்தார்கள். ஆட்டோவுக்கும் அதே தொகைதான், அதனால் அதைத் தாராளம் என்றே சொல்லலாம். 12 வேண்டாம். மெக்கானிக் கடைக் கணக்குப்படி 4 கொடுத்திருந்தாலே, அதுவும் மீட்டர் காட்டுகிற தூரத்துக்குக் கொடுத்திருந்தாலே, பையன் கைமாற்று கேட்டிருக்க மாட்டான்.

மற்றவை

போன் பெரிய செலவில்லை என்றுதான் அவன் சொன்னான். பழைய போனில் ஆப் ஓடவில்லை என்று 14,000-க்குப் புதிது வாங்கியிருந்தான். அவனுக்கும் பயன்படுகிறது என்பதால் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். லயங்கள் இருக்கும் சரிவுகளில் ஒரு கம்பெனி சிக்னல் கிடைக்கும் இடத்தில் இன்னொன்று கிடைக்காது, அதனால் இரண்டு சிம். ரீசார்ஜ் 28 நாளுக்கு என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று நாம் நினைப்பது பதின்மூன்று ஆகிறது. வேலைக்காக மட்டும் கூடியது மாதம் 550 என்று எழுதினேன்.

இரண்டு செட் யூனிஃபார்முக்கு முதல் மாதச் சம்பளத்திலேயே 1,400 பிடித்துவிட்டார்கள். அதோடு ஷூ, மழைக்கோட்டு. குமுளி மழையில் ஒரு கோட்டு ஒரு பருவம்தான், ஆவணிக்குள் தையல் விட்டுவிடும். மாதக் கணக்கில் 350. ஐந்தரைக்குக் கிளம்புவதால் காலைச் சாப்பாடு மேலே கடையில், நாளைக்கு 50 என்று 1,250.

கடைசியாக அவன் சொல்லத் தயங்கிய ஒன்று இருந்தது. குழுவில் ஒரு பெண் 300 குறைவாகக் கொண்டுவந்தால் சென்டர் கணக்கு முடியாது. முடியாவிட்டால் அடுத்த சென்டருக்கு நேரமாகும், மேனேஜர் திட்டுவார். அதனால் தன் பையிலிருந்து போட்டு முடித்துவிடுவான். பாதி திரும்பி வரும், பாதி வராது. “அந்த அக்கா வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல் மாமா, எப்படிக் கேக்க?” என்றான். மாதம் 500 என்று எழுதச் சொன்னான். நான் கூடுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆக 4,875, 550, 350, 1,250, 500. மொத்தம் 7,525. கையில் வரும் 16,400-லிருந்து கழித்தால் 8,875.

நான் பேனாவை வைத்துவிட்டேன். மளிகைக் கடைக்குப் போயிருந்தால் 11,000.

ஆனால் கணக்கு எழுதுகிறவன் ஒரு பக்கமாக நின்றுவிடக் கூடாது. பிடித்த பி.எஃப். 1,440 அவன் பணம்தான், கம்பெனி பங்கு இன்னொரு 1,440-ம் அவன் பேரில்தான் போகிறது. கடையில் அது கிடையாது. இரண்டையும் சேர்த்தால் 11,755. ஈ.எஸ்.ஐ. அட்டைக்கும் ஒரு மதிப்பு உண்டு. போன வருடம் மழையில் வழுக்கி முழங்கை பெயர்ந்தபோது வைத்தியச் செலவு அதில்தான் போனது. ஆனால் ஈ.எஸ்.ஐ. ஆளைப் பார்த்துக்கொள்ளும், வண்டியைப் பார்க்காது. வளைந்த ஹேண்டில் பாருக்கும் உடைந்த ஹெட்லைட்டுக்கும் அவன்தான் கொடுத்தான். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மாதம் 2,250 கிலோமீட்டர் மலையேறி இறங்குவதற்கு, கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடுவதைவிட 755 ரூபாய் அதிகம். அதுவும் கையில் வராமல் பி.எஃப்.பில் இருக்கிற 755.

வரியில் கழிக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். என் முதலாளிக்கு அது நடக்கும், சம்பளக்காரனுக்கு நடக்காது. சம்பள வருமானத்தில் டயர் பில்லைக் காட்டிக் கழிக்க வழியில்லை. எல்லாருக்கும் பொதுவான நிலைக்கழிவு மட்டும்தான், புதிய முறையில் 75,000. அதுவும் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இருப்பவனுக்குத்தான் உதவும்.

அக்கா கேட்ட கேள்வி

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள்தான். விடியும் முன் ஜீப் வரும், சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கிவிடுவார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, “ஏண்டா, எங்க தோட்டத்துல ஜீப்புக் கூலி முதலாளில்ல குடுக்காரு? உங்க கம்பெனி உன்னத் தூக்கிட்டுப் போக எதுவும் அனுப்பாதா?” என்றாள்.

பையன் சிரித்துவிட்டான். அவன் டிகிரி படித்தவன், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. அம்மா தினக்கூலி. ஆனால் போக்குவரத்து யார் பாடு என்கிற ஒரு விஷயத்தில் அவள் வேலை அவன் வேலையைவிட ஒழுங்காக இருந்தது. ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது காய் எடுக்கும் செலவில் ஒரு பகுதி என்று அந்தத் தோட்டக்காரர் புரிந்துவைத்திருக்கிறார். ஜீப் வராவிட்டால் காய் காட்டிலேயே பழுத்துப்போகும். இங்கே வண்டியைப் பையனே கொண்டுவந்துவிடுவதால், அப்படி ஒரு செலவு இருப்பதே மறந்துபோகிறது.

அதற்கப்புறம் அவனும் கூட வேலை பார்க்கும் மூன்று பேரும் ஒரு மாதம் முழுக்கக் காலையும் மாலையும் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்தார்கள். மேனேஜரிடம் காட்டினார்கள். அவர் கெட்டவரில்லை, அவருடைய வண்டியும் அதே மலையில்தான் ஓடுகிறது. மேலிடத்துக்கு எழுதினார். ரெண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. வீட்டிலிருந்து முதல் சென்டருக்குப் போகும் தூரத்தில் நாளைக்கு 15 கிலோமீட்டர் வரை சேர்த்துக்கொள்ளலாம். 3 ரூபாய் அப்படியே இருந்தது. மாதத்துக்கு 5,250 வரும் என்று சந்தோஷப்பட்டோம். அடுத்த வரியில் உச்சவரம்பு 5,000 என்று போட்டிருந்தார்கள்.

சரி, 875 ரூபாய் கூடியிருக்கிறது. அதை எடுத்து டயருக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். போடுகிறான். வேலையை விடவில்லை. மளிகைக் கடை இடம் எப்போதோ நிரம்பிவிட்டது, ஃபீல்டு அனுபவம் இருந்தால் வங்கிக் கிளை வேலைக்கு முயலலாம் என்றும் நினைக்கிறான். அது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு யோசனை சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதி, மீட்டர், செலவு என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். போன ஞாயிறு எடுத்துப் பார்த்தால் அவனே நாலாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தான். தலைப்பு ‘கம்பெனி’. கடைசி வரியில் மீட்டர் 61,430, பிரேக் ஷூ 520 என்று இருந்தது. நாலாவது கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தான்.